புதுப்பிப்பு: வேர்க்கடலை ஐஜிஇ 4.2

அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஆன்டிபாடிதான் ஐஜிஇ. இங்கே முதலில் கேட்டது: "பையனுக்கு வேர்க்கடலை ஐஜிஇ 4.2, கிளாஸ் 3. ஆனா வாரம் ரெண்டு தடவை கடலைச் சட்னி சாப்பிடுறான், ஒண்ணும் ஆகல. நிறுத்தணுமா?"

வேண்டாம் என்றார் அலர்ஜி மருத்துவர். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, இருமல் எதுவும் இல்லையென்றால், உடல் கடலையை அடையாளம் கண்டிருக்கிறது என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். தாங்கிக்கொள்ளும் உணவை நிறுத்தினால்தான் பிறகு நிஜ அலர்ஜி வரும் அபாயம் உண்டாம்.

அடுத்து கடலையின் தனிப் புரதங்களுக்கான சோதனை. நிஜ அலர்ஜியில் பெரும்பாலும் ஏறும் 'அரா எச் 2', 0.1-க்கும் கீழே. சிசிடி மட்டும் பாசிட்டிவ். சிசிடி என்பது செடிகளுக்குப் பொதுவான சர்க்கரைச் சங்கிலி; புல் மகரந்தத்தால் உருவாகும் ஆன்டிபாடி அதைப் பிடிக்கும். கடலையிலும் அது இருப்பதால் எண் ஏறுகிறது. பொதுவாக அறிகுறி வராது.

"எக்ஸிமா இருந்தா எல்லாமே ஏறும், கண்டுக்காதீங்க" என்று இங்கே பதில் போட்ட அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. ஐஜிஜி பேனல் படம் போட்ட அக்கா, அது வேறு ஆன்டிபாடியைப் பார்க்கும் வேறு டெஸ்ட். பெரும்பாலும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் காட்டும்.

முந்திரி ஐஜிஇ 1.8 தான் இன்னும் முடிவாகவில்லை. பையன் அதைச் சாப்பிட்டதே இல்லை, அதனால் கடலைக்குச் சொன்ன வாதம் இதற்குப் பொருந்தாது. வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. முந்திரிப் புரதமான 'அனா ஓ 3'-க்கான சோதனை முடிவு வந்த பிறகு, தேவைப்பட்டால் மருத்துவமனையில் கண்காணிப்புடன் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.