டிபெஞ்சர் பாக்கி மூன்று வருடமும் அசையவே இல்லை, எங்கே தப்பு?

பேரேடு: முகமதிப்பு 10 லட்சம், வட்டி 10%, வருடக் கடைசியில் தரவேண்டும், 3 வருடம். 5% தள்ளுபடியில் வெளியிட்டோம், வந்தது 9,50,000. 1,00,000-ஐ 9,50,000-ஆல் வகுத்து 10.53% என்று வைத்தேன். வட்டிச் செலவு 1,00,000 வருகிறது, பாக்கி 9,50,000-லேயே நிற்கிறது. கடைசியில் 50,000 இடிக்கிறது. எங்களுக்கு இண்ட் ஏஎஸ்தான்.

நாள்வழி: இதற்கு எதற்கு இவ்வளவு? 50,000-ஐ மூன்றால் வகுத்து வருடம் 16,667 எழுதிவிடுங்கள். ஆடிட்டர் கேட்கமாட்டார்.

பழைய ஆடிட்டர்: கேட்பார். பழைய ஏஎஸ் கம்பெனிகள் பல இன்னும் அப்படித்தான் எழுதுகின்றன, ஆனால் இண்ட் ஏஎஸ் 109-க்கு அது ஆகாது. பேரேடு, உங்கள் 10.53%-இல் முதிர்வில் கூடுதலாகத் தரும் 50,000 இல்லவே இல்லை. அதனால்தான் பாக்கி நகரவில்லை. வட்டியையும் 10 லட்சத்தையும் சேர்த்து இன்றைய மதிப்பு 9,50,000 ஆகும் விகிதம் வேண்டும்:

```
=RATE(3,-100000,950000,-1000000)
```

12.0848% வரும். முதல் வருடச் செலவு 1,14,806. அது டெபிட், வங்கி 1,00,000, டிபெஞ்சர் 14,806 கிரெடிட். பாக்கி இப்போது 9,64,806. அடுத்த வருடம் இதன்மேல் கணக்கிட்டால் 16,595 ஏறும், கடைசி வருடம் 18,599. வருடாவருடம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் விகிதம் தப்பு.

தேர்வு எழுதுபவள்: எனக்கு வேறு மாதிரிக் கணக்கு. சம மதிப்பில் வெளியீடு, 5% பிரீமியத்தில் திருப்பித் தரணும். வெளியீட்டு நட்டம் என்று 50,000 தனிக் கணக்கு போடச் சொல்கிறார்கள், சார்.

பழைய ஆடிட்டர்: பாடப்புத்தக முறை அது, தேர்வில் அப்படியே எழுதம்மா. இண்ட் ஏஎஸ்ஸில் தனிக் கணக்கு இல்லை. வந்தது 10,00,000, தருவது 10,50,000, அதே 10% வட்டி, 3 வருடம் என்றால் விகிதம் சுமார் 11.49%. வேலை அதேதான்.

நாள்வழி: சரி, ஆனால் வருமான வரிக்கு நான் சொன்னதுதானே? மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடியைக் காலத்துக்குப் பகிரச் சொன்னது. அங்கே 12 வருடத்துக்குச் சமமாகத்தான் பிரித்தார்கள்.

பழைய ஆடிட்டர்: அந்த வழக்கில் அப்படித்தான். வரிக்குச் சமமாகவும் புத்தகத்தில் ஏறுமுகமாகவும் போனால் இடைவெளிக்கு ஒத்திவைத்த வரி போடணும்.

பேரேடு: 12.0848% போட்டதும் 10,00,000-இல் வந்து நின்றது. இன்னொன்று: வெளியீட்டுக்கு 10,000 தரகு கொடுத்திருக்கிறோம். அதைச் செலவில் எழுதியிருக்கிறேன்.

பழைய ஆடிட்டர்: அங்கிருந்து எடுங்கள். தொடக்கம் 9,40,000, விகிதம் 12.52% ஆகும். வருடாவருடம் அறங்காவலருக்குத் தரும் கட்டணத்தை இதில் சேர்க்காதீர்கள்.

பேரேடு: ரேட்டிங் கட்டணம்? கம்பெனியின் மற்ற கடன்களுக்கும் சேர்த்து ஒரே பில்.

பழைய ஆடிட்டர்: இந்த வெளியீட்டுக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக்காட்ட முடிந்தால் சேர்க்கலாம். பில்லைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.