பிரச்சினைக்குப் பிள்ளையே பெயர் வைத்தபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மழைத்துளி

என் மகனுக்கு எட்டு வயது. கால்சட்டையிலேயே மலம் கசிந்துவிடும். திட்டியும் கெஞ்சியும் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஆலோசகரிடம் போனோம். அவர் “ஏன் இப்படிச் செய்கிறாய்?” என்று கேட்கவில்லை. “உன்னை இப்படித் தொந்தரவு செய்கிறதே, அதற்கு ஒரு பெயர் வைப்போமா?” என்று அவனையே கேட்டார். அவன் வெகு நேரம் யோசித்து, “பதுங்கி” என்றான். சத்தமில்லாமல் வந்து மாட்டிவிடுகிறதாம்.

பிறகு எல்லாக் கேள்வியும் பதுங்கியைப் பற்றித்தான். எப்போது வரும்? விளையாட்டு மும்முரத்தில். வந்தால் உன்னை என்ன செய்ய வைக்கும்? துணியை அலமாரிக்குப் பின்னால் ஒளிக்க வைக்கும். நண்பர்கள் விஷயத்தில்? பக்கத்தில் உட்கார விடாது. “உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்ன செய்கிறது?” என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “அம்மா என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் மோந்து பார்க்க வைக்கிறது.”

நான் அப்படிச் செய்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. ஐந்து மாதம் ஆகிறது, அந்த வாக்கியம் என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பறவை

எங்கள் வீட்டில் இது தலைகீழாகப் போனது. தவறு என்னுடையதுதான். மகளுக்கு ஆறு வயது, கோபம் வந்தால் பொருள்களை வீசுவாள். எங்கோ படித்துவிட்டு, “இது நீ இல்லை கண்ணு, உனக்குள் இருக்கும் பூதம்” என்று சொல்லி, கொம்பெல்லாம் வைத்துப் படமும் வரைந்து கொடுத்தேன்.

அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, நான் தூங்கும்போது அது வெளியே வருமா?” என்று கேட்டாள். படத்தைக் கிழித்துப் போட்டேன். அதைப் பார்த்து இன்னும் பயந்தாள், கிழித்ததால் பூதத்துக்குக் கோபம் வந்திருக்குமாம். இரண்டு வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

பழைய வாத்தியார்

இருபத்தெட்டு ஆண்டு வகுப்பறையில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மழைத்துளி மன்னிக்க வேண்டும். பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள நாமே வழி அமைத்துக் கொடுக்கிறோம். என் வகுப்பில் ஒரு பையன் பக்கத்துப் பையனின் நோட்டை நடுவில் கிழித்தான். கேட்டதற்கு, “நான் இல்லை சார், எரிமலை கிழித்தது” என்றான். எரிமலை என்பது அவன் கோபத்துக்கு வைத்த பெயராம். கிழிபட்ட பிள்ளை இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் யாரை மன்னிப்புக் கேட்கச் சொல்வது?

தென்னங்கீற்று

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பெயர் வைக்கச் சொன்னதும், “நான் என்ன குழந்தையா?” என்று எழுந்து போய்விட்டாள். இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தானோ?

நிலா_ஆலோசகர்

பிரச்சினையைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்துப் பேசும் இந்த முறையில்தான் குழந்தைகளோடு வேலை செய்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி, இந்த முறையே உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளிடமிருந்துதான் பேர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் என்ற குடும்பச் சிகிச்சையாளர் 1980களில் மலக்கசிவு உள்ள பிள்ளைகளோடு இப்படிப் பேசிப் பார்த்தார். நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் அவரும் சேர்ந்து இதை வளர்த்தார்கள். ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் நாள்பட்ட மலச்சிக்கல்தான் காரணம். மலம் கெட்டியாகத் தேங்கிக் குடல் விரிந்துபோகும். இளகியது அதைச் சுற்றிக் கசியும். பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. தேங்கியதை வெளியேற்றி, பல மாதம் மலமிளக்கி கொடுத்து, சாப்பிட்ட பிறகு தினமும் சில நிமிடம் கழிப்பறையில் கால் ஊன்றி உட்கார வைக்காமல் பெயர் மட்டும் வைத்தால், உடம்பு தோற்கும் போரில் பிள்ளையை இறக்கிவிட்டதாகிவிடும்.

இரவுப்பறவை, பெயரை நீங்கள் வைத்தீர்கள், அதை அவளுக்குள்ளேயே குடிவைத்தும்விட்டீர்கள். பெயர் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். அது பூதமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. “அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும், எவ்வளவு பெரியது?” என்று கேட்டால் பிள்ளைகள் பலர் கையளவில் காட்டுவார்கள். தென்னங்கீற்று, உங்கள் மகளிடம் பெயரே கேட்க வேண்டாம். அவள் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும், “அந்த இரைச்சல்”, “அந்தப் பாரம்” என்பதைப் போல. அதையே திருப்பிச் சொல்லி, “அந்த இரைச்சல் எப்போது அதிகம்?” என்று கேட்டால் போதும்.

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. பெயரோடு நிறுத்திவிட்டால் அந்தப் பையன் சொன்ன பதில்தான் வரும். வெளியே எடுத்து வைப்பது பிரச்சினையைத்தான், பொறுப்பை அல்ல. அவனிடம் இப்படிக் கேட்டிருக்கலாம்: எரிமலை கிழிக்கச் சொன்னபோது உன் கை ஏன் அதன் பேச்சைக் கேட்டது? நோட்டு கிழிந்ததில் உனக்குச் சம்மதமா? இல்லையென்றால், ஏன் இல்லை? இந்த “ஏன் இல்லை”யைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். “அவன் என் நண்பன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், தனக்கு எது முக்கியம் என்று சொல்லிவிட்டான். மன்னிப்பு அங்கிருந்து வரும். அதன் பிறகு, எரிமலை சொல்லியும் கை கேட்காத நாள் ஒன்றாவது இருந்ததா என்று தேட வேண்டும். ஒன்று கிடைத்தால் அவசரப்படாமல், அன்று எங்கே நின்றான், என்ன நினைத்தான் என்று முழுவதையும் கேட்க வேண்டும்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. ஒன்பது வயதுப் பெண், இரவில் பத்து முறை கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பாள். அந்தப் பயத்துக்குக் “காவலாளி” என்று பெயர் வைத்தாள். அதை விரட்டும் திட்டத்தில் நான் உற்சாகமாக இருந்தேன். “இவர் உனக்கு நல்லவரா, கெட்டவரா?” என்று நான் கேட்டது, மூன்றாம் சந்திப்பில்தான். “அவர் போய்விட்டால் மாமா வருவது யாருக்குத் தெரியும்?” என்றாள். அந்த வீட்டில் அவளை அடிப்பவர் ஒருவர் இருந்தார். பயம் பிரச்சினையே இல்லை. அதற்குப் பிறகு நடந்தது பாதுகாப்பு ஏற்பாடு, பேச்சுச் சிகிச்சை அல்ல. அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பழைய வாத்தியார்

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இத்தனை கேள்வி கேட்க நேரம் எங்கே அம்மா? இருந்தாலும் “ஏன் இல்லை” என்று நான் கேட்டதில்லை என்பது உண்மை. கிழிபட்ட பிள்ளையிடமும் யாராவது ஏதாவது கேட்க வேண்டும், அதை நீங்கள் சொல்லவில்லை.

நிலா_ஆலோசகர்

சொல்லவில்லைதான். முதலில் அவனிடம்தான் போயிருக்க வேண்டும்.

இரவுப்பறவை

இன்று மகளிடம் கேட்டேன். “பூதமெல்லாம் இல்லை அப்பா, சூடு” என்றாள். எவ்வளவு பெரியது என்றதற்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விளக்கு இன்னும் எரிகிறது.

மழைத்துளி

மருத்துவரிடம் போயிருந்தோம், மருந்து நான்காவது மாதம். வாரத்தில் இரண்டு நாள் கசிவு இருக்கிறது. போன வாரம் ஆட்டத்தின் நடுவில் ஓடி வந்தவன், கழிப்பறைக்குள்ளிருந்தே கத்தினான்: “பதுங்கி வருவது இன்று எனக்குக் கேட்டுவிட்டது!” ஆட்டத்தில் அவுட் ஆகிவிட்டானாம், பரவாயில்லையாம். வெளியே வந்ததும் கட்டிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிக்கொண்டேன், மோந்து பார்க்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று. அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்குமோ?