புதுப்பிப்பு: அப்டைம் அறிக்கையில் ஒத்துப்போகாத டவுன்டைம் கணக்கு

என் கேள்வி: "காரணவாரியாகக் கூட்டினால் டவுன்டைம் 70 நிமிடம், கண்காணிப்புக் கருவியோ 55 என்கிறது. மாத அறிக்கையில் எதைப் போடுவது?"

உதவியவர்களுக்கு நன்றி. விடை 55. நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்க்கச் சொன்னவர் யோசனைதான் பலித்தது. டிஸ்க் நிரம்பி 2:10 முதல் 2:50 வரை சர்வர் நின்றது. நெட்வொர்க் கோளாறு 2:35 முதல் 3:05 வரை. நடுவிலுள்ள 15 நிமிடம் இரண்டு தடவை கூட்டப்பட்டிருந்தது. அதை முதலில் வந்த டிஸ்க் கணக்கிலேயே விட்டோம்: டிஸ்க் 40, நெட்வொர்க் 15. 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம், ஆக அப்டைம் 99.873%.

பராமரிப்பு நேரத்தை டவுன்டைமிலிருந்து கழிக்கலாம் என்று இங்கே வந்த இன்னொரு யோசனையும் பாதி சரிதான், ஒப்பந்தம் இடம்கொடுத்தால் மட்டும்.

எதிர்பாராதது ஒன்று: கருவி 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சோதிக்கிறது. லாக்கில் பிழை 2:07-க்கே தொடங்கிவிட்டது. அந்த 3 நிமிடத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் இன்னும் முடிவாகவில்லை.