புதுப்பிப்பு: காய்ச்சலும் நடுக்கமுமா இருந்த வார்டு பேஷன்ட்

முன்னாடி கேட்டது: "ஹாலோபெரிடால், எஸ்சிட்டலோபிராம் ரெண்டும் ஓடுது, முதுகுவலிக்கு டிரமடால் போட்டாங்க, இப்போ காய்ச்சல், வேர்வை, நடுக்கம். செரட்டோனின் சிண்ட்ரோமா, என்எம்எஸ்ஸா?"

செரட்டோனின் சிண்ட்ரோம் தான், அதாவது எஸ்சிட்டலோபிராமும் டிரமடாலும் சேர்ந்து உடம்புல செரட்டோனின் எக்கச்சக்கமா ஏறிப்போறது. சீனியர் அக்கா வந்து லேப் ரிப்போர்ட்டைக்கூட பாக்கல, முட்டியை லேசா மடக்கி பாதத்தை சட்டுனு மேல தள்ளிப் பிடிச்சாங்க, கணுக்கால் டக்டக்குனு துள்ளிக்கிட்டே இருந்துச்சு, க்ளோனஸ். கண்மணி விரிஞ்சிருந்துச்சு, வயித்துல கடமுடா, பேதி வேற, எல்லாமே டிரமடால் போட்ட சில மணி நேரத்துல. என்எம்எஸ்னா நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்தால வர்றது, அது நாள்கணக்குல மெல்ல ஏறும், உடம்பு முழுக்க விறைச்சுக்கும், ரிஃப்ளெக்ஸ் மந்தமாகும்.

"சிபிகே ஏறிருக்கே, அப்போ என்எம்எஸ்"னு ஒருத்தர் சொன்னது பாதி சரி, சிபிகே தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற என்சைம், ஆனா தசைல ஊசி போட்டாலே அது ஏறுமே!

மூணு மருந்தையும் நிறுத்திட்டு ஐசியூவுக்கு மாத்தி லோரஸெபாம், டிரிப், உடம்பைக் குளிர வைக்கிறதுன்னு ஆரம்பிச்சாங்க, கூடவே செரட்டோனினைத் தடுக்கிற சைப்ரோஹெப்டடின் 12 மி.கி., அப்புறம் ரெண்டு மணிக்கொருதரம் 2 மி.கி. பாராசிட்டமால் வேலைக்கு ஆகாது, சூடு தசையிலேர்ந்து வருது. ப்ரோமோகிரிப்டின் என்எம்எஸ்ஸுக்குக் குடுப்பாங்க, இங்க குடுத்தா இன்னும் மோசமாகலாம்.

க்ளோனஸ் அடங்கிடுச்சு. ஹாலோபெரிடால் திரும்ப எப்போ தொடங்கறதுன்னு மட்டும் இன்னும் ரெண்டு கட்சியா நிக்கிறாங்க.