கண்டெடுத்த பணப்பை: உள்ளே இருப்பதை உரியவரே சொல்லட்டும்

வழிப்போக்கன்:
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பணப்பையைக் கண்டெடுத்தேன். "பணப்பை ஒன்று கிடைத்துள்ளது, உள்ளே என்னென்ன இருந்தன என்பதை உரியவர் தனிச்செய்தியில் எழுதவும்" என்று மட்டும் அறிவித்தேன். நிறம், பெயர், தொகை எதையும் வெளியிடவில்லை. முதலில் வந்தவர், "கறுப்புத் தோல் பை, சில அட்டைகள், கொஞ்சம் பணம்" என்றார். அது யாருடைய பைக்கும் பொருந்தும். அடுத்தவர் தாம் எதுவும் சொல்லாமல், "ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா?" என்று என்னிடமே கேட்டார். மூன்றாமவர் தொகையைத் தவறாகச் சொன்னாலும், குழந்தையின் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்த கண்ணாடிக் கடை ரசீதையும், சில்லறை அறையில் கிடந்த சின்னப் பெட்டிச் சாவியையும் குறிப்பிட்டார். அடையாள அட்டையின் படத்தோடு முகத்தையும் ஒப்பிட்டபின் அவரிடமே ஒப்படைத்தேன்.

தாமரைக்குளம்:
இவ்வளவு சுற்றுவழி எதற்கு? அடையாள அட்டையைப் படமெடுத்து, எண்களைக் கைப்பேசியின் பேனாக் கருவியால் அடித்துவிட்டுப் போட்டால், உரியவர் தம் பெயரைக் கண்டு உடனே வந்துவிடுவாரே.

பழைய கணக்கர்:
விரைவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கைப்பேசியில் தீட்டும் கோடு சற்றே ஒளி ஊடுருவுவதாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியில் உள்ள எண் தெரிந்துவிடக்கூடும். அட்டையின் மூலையில் உள்ள கியூஆர் குறியீட்டை மறைக்க மறந்தாலோ, மறைத்த விவரங்களில் சில அதிலிருந்தே கிடைக்கலாம். பெயர் வெளியானபின், "அவர் என் சித்தப்பா" என்று எவரும் வந்து நிற்கலாம். வங்கி அட்டை இருந்தால், அதன் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு அவர்களே தகவல் தருவார்கள். தொகையை மட்டும் வைத்து எவரையும் நிராகரிக்காதீர்கள். கையில் எவ்வளவு இருந்தது என்று பலருக்கு நினைவிருப்பதில்லை.

மழைக்காலம்:
என் சான்றிதழ் உறையும் தொலைந்துவிட்டது. நீலநிற உறை. உங்களிடம் கிடைத்ததா?

வழிப்போக்கன்:
இல்லை, எனக்குக் கிடைத்தது பணப்பை மட்டுமே. ஆனால் உறையின் நிறத்தைப் பொதுவில் எழுதிவிட்டீர்களே. அதைக் கண்டெடுத்தவர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இனிப் பயன்படாது. சான்றிதழ்களின் வரிசை, இடையில் செருகியிருந்த வேறு தாள் போன்றவற்றையாவது தனியாகச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்குளம்:
உறைக்குள் ஒரே ஒரு சான்றிதழ்தான் இருக்கிறது, அதில் படமும் இல்லை என்றால் என்ன கேட்பீர்கள்? பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் உறவினருக்கும் தெரியுமே.

பழைய கணக்கர்:
எனக்கும் அதற்கு உறுதியான விடை இல்லை. நான் என்றால், சான்றிதழ் வழங்கிய அலுவலகத்திலேயே சேர்த்துவிடுவேன். பதிவேடு அவர்களிடம் இருக்கும்.