மெத்தனால் குடித்தவருக்கு பிராந்தி கொடுக்கலாமா?

கோத்தகிரிக்காரன் கேட்டது:
பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஞாயிறு இரவு பாலிஷ் வேலைக்கு வைத்திருந்த கேனில் இருந்து குடித்துவிட்டார். கேனில் மெத்தனால் என்று எழுதியிருந்ததை செவ்வாய்க்கிழமைதான் பார்த்தோம். கோவைக்குக் கொண்டுபோகும்போது வேன் டிரைவர், "ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி ஊத்துங்க, அதான் முறிமருந்து" என்றார். நாங்கள் கேட்கவில்லை. அண்ணன் பிழைத்துவிட்டார், ஆனால் பார்வை பாதிதான் திரும்பியது. கொடுத்திருந்தால் கண் தப்பியிருக்குமா?

சமவெளியான்:
கொடுக்காமல் விட்டதுதான் நல்லது. விஷச்சாராயம் குடித்தவனுக்கு இன்னும் சாராயமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மெத்தனால்தான் விஷம். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கட்டபெட்டு டிரைவர்:
அந்த வேன் டிரைவர் நான் இல்லை, ஆனால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஸ்டாண்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது. நல்ல சரக்கு உள்ளே போனால் கெட்ட சரக்கோடு சண்டை போட்டு அதை முறித்துவிடும். ஆஸ்பத்திரியிலேயே ஆல்கஹால் டிரிப் போடுகிறார்களே, அது பொய்யா?

அவசரப்பிரிவு:
ஊட்டியில் சில வருடம், இப்போது கோவையில் அவசர சிகிச்சையில் இருக்கிறேன். டிரைவர் அண்ணா சொல்வதில் பாதி உண்மை. சமவெளியான் சொன்ன வாந்தி வைத்தியம் வேண்டவே வேண்டாம். திரவம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஏறிவிடும். அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும்.

மெத்தனால் அப்படியே இருக்கும்வரை போதையைத் தவிர பெரிய கெடுதல் செய்வதில்லை. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் கையில் சிக்கினால்தான் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனை எரித்து சக்தி எடுக்கும் கடைசிப் படியை அது அடைத்துவிடும். கண் நரம்புக்கு சக்தி நிறைய வேண்டும், அதனால் முதல் அடி அங்கே விழுகிறது.

அந்த நொதியை ஒரே ஒரு கேட் உள்ள செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கும் எத்தனால் வந்து நின்றால் கேட் அதற்குத்தான் முதலில் திறக்கும். மெத்தனாலைவிட எத்தனாலை அந்த நொதி பத்து, இருபது மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. மெத்தனால் வரிசையில் நிற்கும், அதற்குள் நாம் டயாலிசிஸ் செய்து அதை வெளியே எடுத்துவிடலாம். ஆக, இரண்டும் சண்டை போடவில்லை. விஷம் முறிவதும் இல்லை, விஷமாக மாறுவதுதான் தள்ளிப்போகிறது.

கோத்தகிரிக்காரரே, ஒன்று சொல்லுங்கள். அண்ணன் அன்று வேறு ஏதாவது குடித்தாரா? கண் எப்போது மங்கியது?

கோத்தகிரிக்காரன்:
ஞாயிறு மாலையே பிராந்தி ஆரம்பித்துவிட்டார். அது தீர்ந்த பிறகுதான் கேன். திங்கள் காலை தலைவலிக்கு மறுபடி கொஞ்சம் பிராந்தி வாங்கிக் குடித்தார். திங்கள் முழுக்க நன்றாகத்தான் இருந்தார், கொய்யா மரத்தைக்கூட வெட்டினார். செவ்வாய் காலை வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன இப்படி மூடுபனி" என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறார். வெளியே பளிச்சென்று வெயில். அண்ணி கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தபோது படி தடுக்கி விழுந்தார். மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தது. ஆஸ்துமாவோ என்று நினைத்து ஆவி பிடிக்க வைத்தோம்.

அவசரப்பிரிவு:
இதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மெத்தனால் மட்டும் குடித்தவருக்கு பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் பார்வை மங்கும். அண்ணனுக்கு ஒன்றரை நாள் ஆனது, ஏனென்றால் பிராந்தி கேட்டை மூடி வைத்திருந்தது. திங்கள் மதியத்துக்குப் பிறகு பிராந்தி வடிந்தது, கேட் திறந்தது, நின்றுகொண்டிருந்த மெத்தனால் உள்ளே போனது.

அந்த இரைப்பு ஆஸ்துமா இல்லை. ரத்தம் அமிலமாகிவிட்டால் உடம்பு கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளிச் சமாளிக்கப் பார்க்கும். சளி, வீசிங் எதுவும் இல்லாமல் ஆழமாக, வேகமாக மூச்சு வந்தால், அதோடு கண் பனி மாதிரி தெரிந்தால், அமிலம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பிராந்தி, சேர்ந்த அமிலத்தை ஒன்றும் செய்யாது. மிச்சம் இருந்த மெத்தனாலை மட்டும் நிறுத்தியிருக்கும். அமிலத்துக்கு சோடியம் பைகார்பனேட், டயாலிசிஸ், கூடவே அந்த ஃபார்மிக் அமிலத்தை உடம்பு சிதைக்க உதவும் ஃபோலினிக் அமிலம். வேனில் ஊற்றியிருந்தால் கண் முழுதாகத் தப்பியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. திங்கள் மதியம் ஊற்றியிருந்தால் கதை வேறு.

சமவெளியான்:
சரி, வாந்தி விஷயத்தில் தவறு என்னுடையது. ஆனால் இதைப் படிக்கிறவன் நாளைக்கு ஒருவனுக்கு அரை பாட்டில் ஊற்றிக் கொன்றுவிட்டால் யார் பொறுப்பு? அளவு தெரியாமல் ஊற்றுவது எப்படி மருத்துவமாகும்?

அவசரப்பிரிவு:
நியாயமான பயம். அளவைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ ஆள் என்றால் தொடக்கத்தில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம், அதாவது 48 கிராம் எத்தனால். நம் கடைச் சரக்கு 42.8 சதவீதம். 100 மில்லியில் சுமார் 34 கிராம் இருக்கும். ஆக, 140 மில்லி சொச்சம். டிரைவர் சொன்ன குவார்ட்டர் 180 மில்லி. முதல் டோசுக்கு அது ஏறக்குறைய பக்கத்தில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அது முதல் டோஸ் மட்டும். கல்லீரல் எத்தனாலைக் கரைத்துக்கொண்டே இருக்கும், அதனால் மணிக்கு சுமார் 6 கிராம் விடாமல் போக வேண்டும். தினமும் குடிக்கிறவருக்கு இன்னும் அதிகம். டயாலிசிஸ் ஓடும்போது அதுவும் வடிகட்டப்படும் என்பதால் ஏறக்குறைய இரட்டிப்பு. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமில் நிற்க வேண்டும். குறைந்தால் கேட் திறந்துவிடும், கூடினால் மூச்சு அடங்கும். சர்க்கரையும் இறங்கும், குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்து. இதையெல்லாம் மணிக்கு மணி பார்க்க ஆள் வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

ஃபோமிபிசோல் என்று ஒரு முறிமருந்து இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. அது அந்த நொதியில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனாலைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக. போதை கிடையாது. அதே 60 கிலோவுக்கு முதலில் 900 மில்லிகிராம், பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 600, நான்கு தடவை. டயாலிசிஸ் ஓடினால் இடைவெளியைக் குறைப்போம்.

அருவங்காடு ஜெயா:
ஃபோமிபிசோல்னா வயிற்றெரிச்சலுக்குக் காலையில் போடும் மாத்திரைதானே? எங்கள் வீட்டில் ஒரு அட்டையே இருக்கிறது.

குன்னூர் மருந்துக்கடை:
அக்கா, அது ஓமிப்ரசோல். பெயர் காதில் ஒன்றாக விழும், வேலைக்குச் சம்பந்தமே இல்லை. ஃபோமிபிசோல் ஊசி, நரம்பு வழியாக டிரிப்பில் போகும். என்னைப் போன்ற கடையில் கேட்டு வாங்க முடியாது. விலையும் கடுமை.

கூடலூர் செவிலியர்:
டாக்டர் சொல்வது கோவையில் உட்கார்ந்தால் சரி. எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் மண்சரிந்து ரோடு அடைத்துவிட்டால் இங்கிருந்து எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கே கிடையாது. ஒருமுறை அப்படித்தான், நினைவோடு இருந்த ஒரு எஸ்டேட் ஆளுக்கு, போனில் பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல, மூக்குக்குழாய் வழியாக நீர் கலந்த விஸ்கி கொடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன். மணிக்கணக்கையும் மில்லிக் கணக்கையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன், கீழே ஆஸ்பத்திரியில் அவரை ஏற்றுக்கொண்டவர் அதைப் பார்த்துத்தான் தொடர்ந்தார். இப்போதும் அவர் கொழுந்து எடை போடுகிறார், தராசு முள்ளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். ஃபோமிபிசோல் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பாதுகாப்பு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சமவெளியான்:
அது பயிற்சி பெற்ற கை, அம்மா. வேன் டிரைவர் கை வேறு.

கட்டபெட்டு டிரைவர்:
அது சரிதான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு குஞ்சப்பனை வளைவில் என் வண்டியில் டிரைவர் கைதான் இருக்கும்.

வெலிங்டன் வாசி:
எனக்கு மனிதர் கதை இல்லை. எங்கள் நாய், லாப்ரடார். செட்டில் காரின் கூலன்ட் ஒழுகியது, பச்சையாகத் தேங்கி நின்றதை நக்கிவிட்டது. இனிப்பாக இருக்குமாம். அன்று தள்ளாடியது, மறுநாள் தேறிவிட்டது, பந்து கூட எடுத்து வந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மருத்துவர் ஒருவர் முதல் நாளே பார்த்தவர், கூலன்ட் என்று சொல்லியும் வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். போய்விட்டது. அதுவும் இதே விஷமா?

அவசரப்பிரிவு:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அது எத்திலீன் கிளைகால், வேறு பொருள். ஆனால் முதல் கேட் அதே நொதிதான். இங்கே கிளைகாலிக் அமிலம் வழியாகக் கடைசியில் ஆக்சாலிக் அமிலம் உண்டாகி, ரத்தத்துச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் ஊசி ஊசியாகப் படிகிறது. நடுவில் வரும் அந்த 'தேறிவிட்ட' நாள்தான் எல்லோரையும் ஏமாற்றும். மனிதருக்கும் இப்படி நடப்பதுண்டு.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேட்டை மூடிவிட்டால், சிறுநீரகம் கெடாதவரை கிளைகால் சிறுநீரில் தானே வெளியேறும், சுமார் 17 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். சீக்கிரம் வந்தால் டயாலிசிஸ் இல்லாமலே தப்பலாம். மெத்தனால் அப்படிப் போகாது. மூடிய கேட்டுக்கு வெளியே அது பாதியாக இரண்டு நாளுக்கும் மேல் எடுக்கும். அதனால்தான் அதற்கு டயாலிசிஸ் மெஷினைத் தேடுகிறோம்.

கோத்தகிரிக்காரன்:
டாக்டர், ஒன்று சொல்லாமல் விட்டேன். அதே கேனில் அண்ணனோடு இன்னொருவரும் குடித்தார், அண்ணனின் மச்சான். அவர் செவ்வாய் வரை பிராந்தியை விடவே இல்லை. செவ்வாய் மாலை நீங்கள் சொல்வது போல எங்களிடம் யாரோ கேட்டு, அவரையும் தேடிப் பிடித்து அட்மிட் செய்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிராந்திதான் காப்பாற்றியதா?

அவசரப்பிரிவு:
இருக்கலாம். அவர் கேனிலிருந்து எவ்வளவு குடித்தார் என்று தெரியாமல் சொல்ல மாட்டேன், ஒரு மூடி குடித்தவரும் ஒரு டம்ளர் குடித்தவரும் ஒன்றில்லை. உறுதியாகத் தெரிவது, செவ்வாய் மாலை அவரைத் தேடிப்போனவர் செய்த வேலை. அவர் வீட்டில் படுத்து பிராந்தி தெளிந்திருந்தால், புதன் காலை அவர் வாசலிலும் மூடுபனி தெரிந்திருக்கலாம்.

கூடலூர் செவிலியர்:
அந்தக் கேனை என்ன செய்தீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
பட்டறையிலேயே இருக்கிறது. இப்போது போய் எடுக்கிறேன்.