ஊர்வனப் பெட்டியில் ‘பாஸ்கிங் ஸ்பாட்’: அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல் வேண்டும்

கால்நடை மருத்துவர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பியர்டட் டிராகன், கார்ன் ஸ்னேக் போன்ற அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பவர்களுக்கான நான்கு பக்கக் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையில் விளக்கைத் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே விலங்கு ஏறிப் படுத்து உடலைச் சூடாக்கிக்கொள்ள ஒரு கல்லோ மரத்துண்டோ வைப்போம். அந்த இடத்துக்கு நான் ‘குளிர்காயும் இடம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுத்தவர்களுள் ஒருவர், வெப்பமானியின் உணர்முனையைக் கொண்டுபோய்ப் பெட்டியின் குளிர்ந்த பக்கத்தில் வைத்துவிட்டார். வேறு சொல் வேண்டும். அது அந்தப் பக்கத்துக் காற்றை அல்லாமல், விலங்கின் வயிறு படும் மேற்பரப்பையே குறிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

மருத்துவர் அம்மா, ‘குளிர்காய்தல்’ என்பதில் குற்றமில்லை. குளிர் நீங்கக் காய்தல் என்று விரித்துப் பொருள்கொள்ளும் வழக்கு அது. நெருப்பருகே அமர்பவரைப் பற்றி நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆயினும் அதனினும் பொருத்தமான சொல் குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் கிடக்கிறது. ‘ஞாயிறு காயும் வெவ்வறை’ என்கிறார் வெள்ளிவீதியார். வெம்மை ஏறிய பாறை என்பது பொருள். அறை என்றால் அங்கே பாறை. கல்லின் மேற்பரப்பைத்தானே கேட்கிறீர்கள்? ‘வெவ்வறை’ என்று வையுங்கள். காய் என்னும் வினை வெயில் காய்வதையும் பொருள் உலர்வதையும் சினப்பதையும் ஒருங்கே குறிப்பது பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

காபித் தோட்டக் கணக்கர், ஏற்காடு

ஐயா, பாட்டு அருமையானது. ஆனால் இன்று ‘வெவ்வறை’ என்று படிப்பவர் சூடான அறை என்றுதான் எடுத்துக்கொள்வார். முழுப் பெட்டியையும் சூடாக்கிவிடுவார். அப்படிச் செய்தால் விலங்குக்கு ஒதுங்க இடமில்லை. ஊர்வன தம் உடல்வெப்பத்தைச் சூடான முனைக்கும் தணிந்த முனைக்கும் இடையே நகர்ந்து நகர்ந்துதான் சரிசெய்துகொள்கின்றன.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு என் வீட்டில் நடந்ததே காரணம். எங்கள் டிராகன் நாள் முழுவதும் விளக்கடியிலேயே கிடந்தது, இரை குறைந்தது, எச்சத்தில் பூச்சிகள் செரிக்காமல் வந்தன. பின்சுவரில் ஒட்டியிருந்த வட்ட முள் வெப்பமானி 40 பாகை காட்டியதால் சூடு போதும் என்றே நினைத்தோம். அது விளக்குக்குப் பக்கத்தில், உயரத்தில் இருந்தது. துப்பாக்கி வெப்பமானி வாங்கிக் கல்லின் மேல் பிடித்தபோது 32தான் இருந்தது. விளக்கின் திறனைக் கூட்டாமல், அடியில் இன்னொரு பலகைக்கல் வைத்து விளக்குக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை 35 செ.மீ.இலிருந்து 25 ஆக்கினோம். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 40. இப்போது அது சிறிது நேரம் படுத்து, வாயைத் திறந்து வைத்திருந்துவிட்டுத் தானே நகர்ந்து போகிறது. ஆகவே, சொல்லில் ‘தளம்’ அல்லது ‘கல்’ இருந்தால்தான் அளவுகோல் எங்கே போக வேண்டும் என்பது விளங்கும்.

பாலிடெக்னிக் மாணவர், ஓமலூர்

அவர் சொல்வது சரி. மேற்பரப்பைத் துப்பாக்கி வெப்பமானியால்தான் அளக்க வேண்டும். புதிதாக வாங்கவும் தேவையில்லை, கொரோனா காலத்தில் நெற்றிக்குப் பிடித்த கருவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பிடித்துப் பார்க்கலாம், விலங்குக்குத் தொந்தரவில்லை. சொல்லுக்கு என் பரிந்துரை ‘காய்தளம்’.

கால்நடை மருத்துவர், செவ்வாய்ப்பேட்டை

தம்பி, முதல் பாதி சரி. மற்றது கையேட்டில் வந்தால் ஆபத்து. நெற்றிக்கருவி உடல்வெப்ப முறையில் இருந்தால், அளந்த எண்ணைத் தானே திருத்தி உடலின் உள்வெப்பமாகக் காட்டும். கல்லுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கண்ணாடி அகச்சிவப்பை ஊடுருவ விடாது; நீங்கள் படிப்பது கண்ணாடியின் வெப்பத்தை. கதவைத் திறந்து, அருகில் பிடிக்க வேண்டும். 12:1 என்று குறித்த கருவி 60 செ.மீ. தொலைவில் 5 செ.மீ. வட்டத்தின் சராசரியைத்தான் தரும்; சிவப்புப் புள்ளி குறி காட்டுவதற்கு மட்டுமே.

‘காய்தளம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. வளர்ந்த டிராகனுக்குக் காய்தளத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 வரை இருக்கலாம். எதிர்முனைக் காற்று 30ஐத் தாண்டக் கூடாது.

பள்ளி மாணவர் ஒருவரின் தாய், ஐந்து ரோடு

என் மகன் தோட்டத்திலிருந்து ஓர் ஒடக்கானைப் பிடித்துவந்து பெட்டியில் வைத்திருக்கிறான். அதற்கு இரவில் எத்தனை பாகை விளக்கு போட வேண்டும்?

கால்நடை மருத்துவர், செவ்வாய்ப்பேட்டை

அம்மா, அதைப் பிடித்த இடத்திலேயே இன்று மாலைக்குள் விட்டுவிடச் சொல்லுங்கள். நம் நாட்டுக் காட்டுயிர்களைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கருதியும் தவிர்க்க வேண்டும், கையேடு அவற்றுக்கானதன்று. இரவில் விளக்கு எதற்குமே வேண்டாம். சூடு தேவைப்பட்டால் ஒளி தராத பீங்கான் வெப்பமூட்டியை வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைக்க வேண்டும்.

உங்கள் கேள்வியால் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இரவில் வெப்பம் இறங்குவதை நான் ‘இரவு வெப்பநிலை’ என்று எழுதியதால், இரவில் சூடேற்ற வேண்டும் என்று படிக்கிறார்கள். டிராகன் 18 வரை இறங்கினாலும் தாங்கும். பால் பைத்தானுக்கு 24க்குக் கீழ் போகக் கூடாது.

காபித் தோட்டக் கணக்கர், ஏற்காடு

அதற்கு ‘இரவுத் தணிவு’ போதும். மார்கழியில் எங்கள் அறையே 15க்குக் கீழ் இறங்கிவிடுவதால் பீங்கான் வெப்பமூட்டியை 20இல் நிறுத்தி வைத்திருக்கிறோம். மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் நினைவில் வைக்கும் எண்மானியின் உணர்முனையை, அது தூங்கும் பொந்தின் வாயில், தரையோடு ஒட்டி வைத்துக் காலையில் பார்க்கிறோம். இரவு பத்து மணிக்குப் பார்ப்பதால் பயனில்லை; விடியலுக்குச் சற்று முன்தான் மிகக் குறைவாக இருக்கும்.

ஆனால் ‘காய்தளம்’ என்பதை என் தாயாரிடம் சொன்னேன். காபி காயப்போடும் களத்தையா சொல்கிறாய் என்று கேட்டார். மலையில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ‘வெயில்காய் தளம்’ என்று நீட்டினால் உலர்த்தும் எண்ணம் வராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

பெட்டிக்குள் வெயில் ஏது? விளக்கைத்தானே வெயில் என்கிறீர்கள்? பொருள் வழுவும் சொல்லை நான் ஏற்பதற்கில்லை. ‘வெவ்வறை’யை விட்டுவிடுகிறேன், ‘வெதுப்பிடம்’ என்றாவது கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர், ஓமலூர்

ஐயா, விலங்கு அதை வெயிலாகத்தானே கொள்கிறது? அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் சொல் சரி. இன்னொரு சிக்கல்: ‘குளிர்முனை’ என்பதும் சேலத்துக்கு ஒவ்வாது. மே மாதப் பிற்பகலில் எங்கள் அறை 37. அந்த முனையும் 37. விளக்கை அணைத்தாலும் அது குளிராது.

கால்நடை மருத்துவர், செவ்வாய்ப்பேட்டை

அந்த மாதங்களில் விளக்கைக் காலையில் மட்டும் எரியவிட்டு, பெட்டியைத் தரையோடு உள்ள தணிந்த அறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ‘தணிமுனை’ என்று எழுதினால் இரவுத் தணிவோடும் ஒத்துப்போகும்.

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். ‘வெயில்காய் தளம்’ என்பதற்கு நால்வர் ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் விளக்குக்கு நேர் கீழே கல்லை வரைந்து, அதன்மேல் அச்சொல்லை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் குழுவின் பதிவில் இருக்கட்டும். பாம்புகளுள் பல, மேலிருந்து வரும் விளக்கொளியில் காயாமல், அடியில் வெதுவெதுப்பான பொந்துக்குள் சுருண்டு உடலைச் சூடாக்கிக்கொள்வன என்று மருத்துவர் அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார். அவற்றின் பக்கத்திலும் இதே சொல்லை எழுதுவீர்களா?